பதினொரு பக்க எதிருரை, ஒன்றரைப் பக்கச் சுருக்கம்

"இந்த எதிருரையில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டவை நீங்கலாக, மனுவில் கண்ட மற்ற அனைத்துச் சங்கதிகளையும் இந்த எதிர்மனுதாரர் மறுக்கிறார், அவற்றை மனுதாரர்கள் கண்டிப்பாக நிரூபிக்கக் கடமைப்பட்டவர்கள்."

வாரிசுரிமைச் சான்று கேட்டுப் போட்ட மனுவுக்கு எதிருரை வந்தால், இரண்டாவது பத்தியில் இந்த வாக்கியம் பெரும்பாலும் இருக்கும். வழக்கறிஞருக்கு இது பழகிய வாய்பாடு. படித்த சுவடே இல்லாமல் கண் அதைத் தாண்டிப் போய்விடும். கணவரை இழந்து நாலைந்து மாதமான ஒரு பெண் அதைத் தாண்டிப் போக முடியாது. 'அனைத்துச் சங்கதிகளையும்' என்றால் அவள் மனைவி என்பதையும், பிள்ளைகள் அவருடைய பிள்ளைகள் என்பதையும் சேர்த்து மறுப்பதாகத்தான் அவளுக்குப் படுகிறது. அந்த இடத்திலேயே உடைந்துபோய், மீதிப் பக்கங்களைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அவளுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அந்த மீதிப் பக்கங்களில்தான் இருக்கிறது.

சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக வரும் வழக்குகளை நடத்துகிறேன். 1987-ஆம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால், என்னிடம் வருகிறவர்களில் கைம்பெண்கள் நிறைய. ஒவ்வொருவருக்கும் அவரவர் மனுவையும் அதற்கு வந்த ஆட்சேபணைகளையும் தமிழில் சுருக்கி எழுதிக் கையில் கொடுப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். வாயால் சொல்வது நீதிமன்ற வராந்தாவிலேயே கரைந்துவிடும். தாளில் இருந்தால் வீட்டில் அண்ணனிடம் காட்டலாம், இன்னொரு வக்கீலிடமும் காட்டிக் கேட்கலாம். அந்தச் சுருக்கத்தை எப்படி எழுதுகிறேன் என்பதை ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கணக்கு ஒன்றுக்கொன்று பொருந்தும்.

கணவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். உயில் எழுதாமல் 2024-இல் இறந்தார். இருப்பவர்கள் மனைவி, பதினொரு வயது மகள், எட்டு வயது மகன், இறந்தவருடைய தாயார். பணம் மூன்று இடத்தில் இருந்தது. 2011-இல், கல்யாணத்துக்கு முந்தைய வருடம், வங்கியில் போட்ட வைப்பு ஒன்று. அப்போது 1,30,000, புதுப்பித்துப் புதுப்பித்து வட்டியோடு 3,10,000 ரூபாய் ஆகியிருந்தது. அதற்கு நாமினி தாயார். 2019-இல் போட்ட இன்னொரு வைப்பு வட்டியோடு 2,50,000. அதில் நாமினி கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வர வேண்டிய பணிக்கொடையும் பாக்கிச் சம்பளமும் 2,40,000. ஆக எட்டு லட்சம்.

"தாசில்தார் ஆபீஸ்லதான் ஏற்கெனவே வாரிசு சர்டிபிகேட் வாங்கிட்டேனே மேடம், இன்னொன்னு எதுக்கு?" என்பது மனைவி கேட்ட முதல் கேள்வி. எல்லாரும் கேட்பதுதான். அதனால் சுருக்கத்தின் முதல் பத்தியே அதற்கான பதிலாக இருக்கும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று சொல்கிறது. நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்று, இறந்தவருக்கு வர வேண்டிய இன்னின்ன பணத்தை இன்னார் வாங்கலாம் என்று சொல்கிறது. அந்தச் சான்றை நம்பிப் பணம் கொடுத்த வங்கியை, பின்னால் வேறொருவர் வந்து 'எனக்குக் கொடு' என்று கேட்க முடியாது. அந்தப் பாதுகாப்புக்காகத்தான் வங்கியும் கம்பெனியும் சான்று கேட்கின்றன. இது கடன்களுக்கும் பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கும் மட்டுமானது. வீடு, நிலம் இதில் வராது. இதை முதலிலேயே எழுதிவிட்டால், எதிருரையில் வீட்டைப் பற்றி எழுதியிருக்கும் ஒரு முழுப் பக்கத்தின் பயம் பாதி குறைந்துவிடும்.

அடுத்து, அவருடைய மனுவை அவருக்கே சுருக்கிச் சொல்கிறேன். இது வேண்டாத வேலை என்று நினைக்கும் சக வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மனுவில் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே என்பது அவர்கள் வாதம். ஆனால் கையெழுத்து வாங்குகிற அன்று யாரும் படிப்பதில்லை. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது: இறந்த நாள், கடைசியாக வசித்த இடம், குடும்பத்தாரும் நெருங்கிய உறவினரும் அவர்களுடைய முகவரிகளும், மனுதாரர் எந்த உரிமையில் கேட்கிறார், எந்தெந்தப் பணம். இதில் தெரிந்தே பொய் சொன்னால் குற்றம். முக்கியமான ஒன்றை மறைத்து வாங்கிய சான்றைப் பிறகு ரத்து செய்யவும் முடியும். ஆகவே தன் மனுவில் தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்று அவருக்கு வரிக்கு வரி தெரிந்திருக்க வேண்டும். கூண்டில் ஏறி நிற்கப்போவது அவர்தான்.

இந்தப் பெண்ணிடம் தெரிந்தவர் யாரோ, "மாமியார் பேரை விட்டுடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று யோசனை சொல்லியிருக்கிறார். இதைவிடக் கெட்ட யோசனை இந்த வகை வழக்கில் கிடையாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணுக்கு மனைவி, மகன், மகள், தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்கு ஒரு பங்கு. தந்தையும் தம்பியும் அந்த வகுப்பில் இல்லை. பலரும் நினைப்பதற்கு நேர் மாறாக, மாமியாருக்குப் பங்கு உண்டு, கொழுந்தனாருக்குக் கிடையாது. மனுவில் மாமியாரை எதிர்மனுதாரராகச் சேர்த்து, அவருக்கு நாலில் ஒரு பங்கு என்று நாங்களே எழுதியிருந்தோம். சுருக்கத்தில் அந்த வரியை அடிக்கோடிட்டேன். எதிருரையின் ஒன்பதாவது பத்தியில் 'என் பங்கை மறைத்து மனு போட்டிருக்கிறார்' என்று வந்தபோது, அதற்கான பதில் எங்கள் மனுவிலேயே தயாராக இருந்தது.

இனி எதிருரை. பதினொரு பக்கம், மாமியாரின் கைரேகை, கொழுந்தனாரின் சிந்தனை. சத்தமாக ஒருமுறை படித்துவிட்டு, பத்தி எண்ணைப் பார்த்துப் பார்த்து மூன்று குவியலாகப் பிரிப்பேன். பெயருக்கு மறுத்தவை ஒன்று. உண்மையிலேயே மறுத்தவை இன்னொன்று. மூன்றாவது, ஒப்புக்கொண்டவை. இந்த மூன்றாவதைத்தான் அதிகம் தேடுவேன், ஏனென்றால் ஒப்புக்கொள்வதை யாரும் தனிப் பத்தி போட்டு எழுதுவதில்லை. குற்றச்சாட்டுக்குள்ளேயே அது பொதிந்திருக்கும். இரண்டாவது பத்தியில் அனைத்தையும் மறுத்தவர்கள், ஆறாவது பத்தியில் 'முதலாவது மனுதாரர் என் மகனோடு ஒழுங்காகக் குடித்தனம் செய்யாமல் இரண்டு வருடமாகத் தாய்வீட்டில் இருந்தார், என் பேரப்பிள்ளைகளையும் என்னிடம் காட்டவில்லை' என்று எழுதியிருந்தார்கள். குறை சொல்வதற்காக எழுதியதுதான். ஆனால் மருமகள் என்பதும் பேரப்பிள்ளைகள் என்பதும் அதிலேயே வந்துவிட்டது. ஒப்புக்கொண்ட சங்கதியை நிரூபிக்க வேண்டியதில்லை. சுருக்கத்தில் இப்படி எழுதினேன்: "பத்தி 2-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் அவருடைய மனைவி, இரண்டு குழந்தைகளும் அவருடைய குழந்தைகள் என்பதை அவர்களே பத்தி 6-இல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். திருமணப் பதிவுச் சான்றும் குழந்தைகளின் பிறப்புச் சான்றுகளும் எப்படியும் தாக்கல் செய்வோம்." அதைப் படித்துவிட்டு அவர் ஆறாவது பத்தியை எடுத்து விரலை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பத்தி எண்ணை விடாமல் எழுதுவது அதற்காகத்தான். என் வார்த்தையை நம்ப வேண்டிய அவசியம் இல்லாமல், அவரே போய்ப் பார்த்துக்கொள்ள முடிய வேண்டும்.

அதே ஆறாவது பத்தியில் அவருடைய நடத்தையைப் பற்றி இரண்டு வரி இருந்தது. அந்த மாதிரி வார்த்தைகளை நான் சுருக்கத்தில் திருப்பி எழுத மாட்டேன். அப்படி ஒன்று இருப்பதை மறைக்கவும் மாட்டேன், குறுக்கு விசாரணையில் எதிர்பாராமல் அவர் காதில் விழுந்தால் நிலைகுலைந்துவிடுவார். "பத்தி 6-இல் உங்களைப் பற்றித் தவறாகச் சில வரிகள் இருக்கின்றன. பிரிந்து இருந்தாலும் விவாகரத்து ஆகாதவரை நீங்கள் மனைவிதான், வாரிசுதான். அந்த வரிகளால் உங்கள் பங்கில் ஒரு ரூபாயும் குறையாது. கூண்டில் கேட்டால் 'இல்லை' என்று மட்டும் சொன்னால் போதும்." இதே பத்தியில் 'மறுமணம் செய்துகொள்ளப் போகிறார்' என்றும் இருந்தது. கணவர் இறந்த அந்த நேரத்திலேயே பங்கு அவருக்கு வந்துவிட்டது. பிறகு மறுமணம் செய்தாலும் அது போகாது. இதையும் எழுதினேன், வேறு ஒன்றும் சேர்க்காமல்.

நாமினி விஷயம் சற்று நீளமாகச் சொல்ல வேண்டியது. 'முதல் வைப்புக்கு நானே நாமினி, ஆகவே அது எனக்கே சொந்தம்' என்கிறது ஏழாவது பத்தி. ஊரில் எல்லாரும் நம்புவதும் இதைத்தான். ஆயுள் காப்பீட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கும் உரிமை உடையவர் மட்டுமே, வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் சொன்னது. வங்கி வைப்புக்கும் அதே நிலைதான் என்று 2010-இல் சொன்னது. (காப்பீட்டில் 2015-இல் சட்டமே திருத்தப்பட்டு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களுக்கே உரிமை என்று பெரும்பாலும் மாறிவிட்டது. ஆகவே காப்பீட்டுத் தொகை இருக்கும் வழக்கில் இந்தப் பத்தியை வேறு மாதிரி எழுதுவேன்.) ஆனால் சட்டம் நம் பக்கம் என்று எழுதிவிட்டு நிறுத்தினால் அந்தப் பெண்ணை ஏமாற்றியதாகும். நாமினி வந்து கேட்டால் வங்கி கொடுத்துவிடலாம். மருமகள் எழுதும் கடிதத்தை வங்கி கணக்கில் எடுக்க வேண்டியதில்லை, நீதிமன்றத்தின் உத்தரவையோ சான்றையோதான் எடுக்க வேண்டும். பணம் ஒருமுறை கைமாறிவிட்டால் மாமியாரிடமிருந்து வசூலிக்கத் தனி வழக்கு. எனவே சுருக்கத்தில், 'சட்டம் உங்கள் பக்கம்' என்பதற்கு அடுத்த வரியாக, 'வைப்பைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்க நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்டிருக்கிறோம், அது வந்த அன்றே வங்கியில் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்க வேண்டும்' என்று எழுதினேன்.

எட்டாவது பத்திதான் இந்த எதிருரையின் உயிர். 'என் பூர்வீக நிலத்தை விற்ற பணத்தைத்தான் என் மகன் பெயரில் வங்கியில் போட்டு வைத்தேன், மொத்தப் பணமும் என்னுடையது.' இதற்கு ஒரு கிரயப் பத்திர நகலை இணைத்திருந்தார்கள். இந்த மாதிரி ஆட்சேபணைக்கு நான் நான்கு வரி வைத்திருக்கிறேன். அதை அப்படியே தருகிறேன்.

"அவர்கள் சொல்வது: மொத்தப் பணமும் மாமியாரின் நிலம் விற்ற பணம்.

அவர்கள் காட்டியிருப்பது: 2009-இல் 1,75,000 ரூபாய்க்கு நிலம் விற்ற பத்திரம்.

அவர்கள் காட்டாதது: அந்தப் பணம் உங்கள் கணவரின் கணக்குக்கு வந்ததற்கு எந்தத் தாளும் இல்லை. நிலம் விற்றது 2009, வைப்புப் போட்டது 2011.

இதனால் ஆபத்து எதற்கு: முதல் வைப்புக்கு மட்டும். 2019 வைப்பையும் கம்பெனிப் பணத்தையும் இந்தப் பத்திரம் தொடவே இல்லை."

நான்காவது வரிதான் முக்கியம். எதிருரை 'மொத்தப் பணமும்' என்று பேசும். ஆதாரம் எட்டு லட்சத்தில் 3,10,000-ஐ மட்டும்தான் எட்டிப் பார்க்கிறது. இதைக் கண்டுபிடித்த பிறகு கணக்குப் போடுவது சுலபம். எங்கள் தரப்பு முழுக்க நின்றால் எட்டு லட்சத்தை நாலாக வகுத்து ஆளுக்கு இரண்டு லட்சம். மனைவியும் பிள்ளைகளுமாக மூன்று பங்கு, ஆறு லட்சம். எட்டாவது பத்தி முழுக்க நின்றால் முதல் வைப்பு தனியாகப் போய், மீதி 4,90,000 நாலாகப் பிரியும். ஆளுக்கு 1,22,500, மூன்று பங்கு 3,67,500. இரண்டுக்கும் நடுவில் 2,32,500 ரூபாய். பதினொரு பக்கமும் சண்டை போடுவது இந்தத் தொகைக்குத்தான். இந்த மூன்று எண்களையும் ஒரு கட்டம் போட்டு எழுதுவேன். எண்களைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகமே தெளிந்துவிட்டது. எல்லாம் போய்விடும் என்ற பயத்தோடு உட்கார்ந்திருந்தவருக்கு, மோசமாகப் போனாலும் 3,67,500 உண்டு என்று தெரிகிறது.

எட்டாவது பத்தி இந்த மனுவிலேயே தீருமா என்பதையும் சொல்லியாக வேண்டும். வாரிசுரிமைச் சான்று மனு சுருக்கமான விசாரணை. சிக்கலான கேள்வி எழுந்தால் நீதிபதி அதை முழுக்கத் தீர்க்காமலேயே, மேலோட்டமாகப் பார்த்து யாருக்கு உரிமை வலுவாகத் தெரிகிறதோ அவருக்குச் சான்று தரலாம். அப்போது ஜாமீன் பத்திரம் கேட்பார். அந்த முடிவு, பின்னால் மாமியார் சிவில் வழக்குப் போட்டு அதே கேள்வியைக் கிளப்புவதைத் தடுக்காது. சான்று வாங்குவதால் பணம் முழுக்க அவருடையது ஆகிவிடாது, வாங்கி உரியவர்களுக்குக் கொடுக்கும் பொறுப்பும் சேர்ந்து வருகிறது. 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சட்டப்படி மனைவியாக ஏற்கப்படாத, ஆனால் நாமினியாகவும் நான்கு குழந்தைகளின் தாயாகவும் இருந்த பெண்ணிடம் சான்றைக் கொடுத்து, முதல் மனைவிக்கு ஐந்தில் ஒரு பங்கை அவர் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. சான்று யார் கையில் இருக்கிறது என்பதும் பணம் யாருடையது என்பதும் எவ்வளவு வேறு வேறு என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் வழக்கு அது.

பத்தாவது பத்தியில் கொழுந்தனார் தன் பெயரை நுழைத்திருந்தார்: அண்ணனுக்கு ஒன்றரை லட்சம் கடன் கொடுத்தாராம், புரோநோட்டு இருக்கிறதாம். அவர் வாரிசு இல்லை, கடன் கொடுத்தவர் என்றால் தனி வழக்குப் போட வேண்டியவர். இந்த மனுவில் அது முடிவாகாது. புரோநோட்டில் இருப்பது கணவரின் கையெழுத்துத்தானா என்று பார்க்க, அவர் கையெழுத்துப் போட்ட பழைய தாள்கள் இரண்டு மூன்றை எடுத்து வைக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.

கடைசிப் பத்தியைப் பற்றி மட்டும் நான் வேறு மாதிரி எழுதினேன். 'சிறு பிள்ளைகளின் பணத்தை மனுதாரர் செலவழித்துவிடுவார்' என்று இருந்தது. இதை வெறும் வன்மம் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் நீதிமன்றம் இதைக் கேட்கும், கேட்கத்தான் வேண்டும். மைனர்களின் பங்கைப் பதினெட்டு வயது வரை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் போட்டு வைக்கச் சொல்வது வழக்கம். 'உங்கள் கைக்கு உடனே வரக்கூடியது உங்கள் ஒரு பங்குதான். பிள்ளைகளின் நாலு லட்சம் வைப்பாக இருக்கும், அதன் வட்டியைப் படிப்புச் செலவுக்கு எடுக்க அனுமதி கேட்போம்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆறு லட்சத்தையும் நம்பி வீட்டுக் கடனை அடைக்கத் திட்டம் போட்டிருந்தார். சான்று வந்த பிறகு இது தெரிந்திருந்தால் அடி பலமாக விழுந்திருக்கும்.

ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன். சுருக்கத்தில் மாமியாரை 'எதிரி' என்றோ 'எதிர்த்தரப்பு' என்றோ எழுதுவதில்லை, 'உங்கள் மாமியார்' என்றுதான் எழுதுவேன். அவரும் மகனைப் பறிகொடுத்தவர், அவரும் கைம்பெண், அவருக்கும் சட்டப்படி ஒரு பங்கு இருக்கிறது. இந்தத் தாள் எங்கள் கட்சிக்காரர் வீட்டில் கிடக்கும், அவர் கண்ணிலும் படலாம். படித்தால், தன் பங்கு இரண்டு லட்சம் என்று தன் மருமகளின் வக்கீலே எழுதியிருப்பதைப் பார்ப்பார்.

அந்த வழக்கில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. தாளைப் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அடுத்த வாய்தாவுக்கு வந்தவர், தன் பங்கு தன் பெயரிலேயே தனியாக வருமா என்று மட்டும் கேட்டார். மனைவி பெயரில் சான்று, மாமியாரின் பங்கை அவருடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்துவது, பிள்ளைகளின் பங்கை வைப்பில் போடுவது என்று கூட்டு மெமோ தாக்கல் செய்தோம். எட்டாவது பத்தியை அவர்கள் வலியுறுத்தவில்லை. சான்றுக்கான கட்டணத்தைக் கட்டிய பிறகு சான்று கைக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்து, கொடுக்க விட்டுப்போன போனஸ் 18,000 ரூபாய் இருக்கிறது என்று தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. சான்றின் பட்டியலில் இல்லாத தொகையை அந்தச் சான்றை வைத்து வாங்க முடியாது. அதைச் சேர்க்கச் சொல்லி நீட்டிப்பு மனு போட வேண்டும். அதற்கும் அரைப் பக்கத்தில் ஒரு சுருக்கம் எழுதி, ஆளுக்கு 4,500 என்று கணக்கையும் போட்டு, இந்த முறை இரண்டு நகல் எடுத்தேன்.